இரண்டும் நான்கும் மறைக்கும் பிழை

log₂ 8 + log₂ 4 எவ்வளவு? பதினோராம் வகுப்பில் மடக்கை விதிகளை நடத்தி முடித்த மறுநாள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி 5 என்று சொல்லும். மறுபாதியில் பலர் எட்டையும் நான்கையும் கூட்டி, log₂ 12 என்று எழுதிவிட்டு நிமிர்வார்கள். அவர்களைக் கேட்டால், “லாக் இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கிறது, அதை வெளியே எடுத்துவிட்டேன்” என்பார்கள்.

5(8) + 5(4) = 5(12) என்று சின்ன வகுப்பிலிருந்தே எழுதிப் பழகிய கை அது. log என்ற மூன்று எழுத்தும் அந்தக் கைக்கு 5 போன்ற ஒரு பெருக்கும் எண்ணாகவே தெரிகிறது. விடை தவறு என்று ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துக் காட்டலாம். விதியை இன்னொரு முறை மனப்பாடம் செய்யச் சொல்லலாம். ஆனால் அடுத்த வாரம் அதே பிழை திரும்பி வரும். ஏனென்றால் தான் எழுதியது ஏன் நடக்க முடியாத விடை என்பதை மாணவர் தன் கண்ணால் பார்க்கவில்லை.

பார்க்க வைக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சித்தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் மடக்கை விதிகளைக் கொண்டு கணக்கைப் போடச் சொல்லலாம். வலப்பக்கம் அதே கணக்கை அடுக்கு வடிவத்துக்கு மாற்றி, விடை தேறுகிறதா என்று பார்க்கச் சொல்லலாம். வலப்பக்கத்தில் log என்ற சொல்லே வரக்கூடாது. வெறும் எண்களும் அவற்றின் அடுக்குகளும் மட்டும்.

log₂ 8 என்பது ஒரு கேள்வி: 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 கிடைக்கும்? விடை 3, ஏனென்றால் 2³ = 8. log₂ 4 என்றால் 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 4? விடை 2. ஆக 3 + 2 = 5. இப்போது தவறான விடையை எடுத்துக்கொள்வோம். log₂ 12 என்பது 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 12 கிடைக்கும் என்ற கேள்வி. 2³ = 8, 2⁴ = 16. பன்னிரண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே log₂ 12 மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட ஓர் எண். மூன்றையும் இரண்டையும் கூட்டி நான்குக்கும் குறைவாக வர வழியே இல்லை. இதைச் சொல்ல எந்த விதியும் தேவைப்படவில்லை. இரண்டின் அடுக்குகள் நான்கைந்து தெரிந்திருந்தால் போதும்.

அப்படியானால் 5 எங்கிருந்து வருகிறது? வலப்பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அதுவும் தெரிகிறது.

8 × 4 = 2³ × 2² = 2⁵ = 32

எண்களைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. இது ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே படித்த அடுக்கு விதி. மடக்கை என்பது அடுக்குக்கு இன்னொரு பெயர் என்பதால், மடக்கைகளைக் கூட்டினால் எண்கள் பெருகித்தானே ஆக வேண்டும்? log₂ 8 + log₂ 4 = log₂ (8 × 4) = log₂ 32 = 5. பெருக்கல் விதியின் நிரூபணமும் இந்த ஒரு வரிதான்; 8, 4 என்ற எண்களுக்குப் பதிலாக M = aˣ, N = aʸ என்று எழுதினால் பாடப்புத்தகத்தில் உள்ள நிரூபணம் கிடைத்துவிடும். ஆகவே விடையைச் சரிபார்க்கும் மாணவர் ஒவ்வொரு முறையும் அந்த விதியை எண்களில் புதிதாக நிரூபித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் அடிப்படை இயற்கணிதம் என்ற பாடத்துக்குள்ளேயே அடுக்குகளும் மடக்கைகளும் வருகின்றன. இது நல்ல ஏற்பாடு. வரலாற்றில் இந்த இரண்டும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் பிறக்கவில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் தன் மடக்கை அட்டவணையை 1614-இல் வெளியிட்டபோது, எண்ணின் தலைமேல் சின்னதாக அடுக்கை எழுதும் இன்றைய வழக்கம் வந்திருக்கவில்லை. அது பரவலாகக் காரணமான டெகார்த்தின் வடிவியல் நூல் 1637-இல்தான் வந்தது; அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1617-இல், நேப்பியர் இறந்துவிட்டார். அவர் மடக்கையை வரையறுத்தது கோட்டின் மேல் நகரும் இரண்டு புள்ளிகளைக் கொண்டு. ஒன்று சீரான வேகத்தில் நகரும். மற்றொன்றின் வேகம் அது இன்னும் கடக்க வேண்டிய தூரத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும்.

அவருடைய அட்டவணையில் 1-இன் மடக்கை 0 ஆக இல்லை. அதனால் பெருக்கல் விதி இன்று நாம் எழுதும் எளிய வடிவில் அவருக்குக் கிடைக்கவில்லை. 1615-இல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு அவரைத் தேடிப் போன ஹென்றி பிரிக்ஸோடு பேசிய பிறகுதான் 1-இன் மடக்கை 0 என்றும், அடிமானம் 10 என்றும் இன்று நாம் பயன்படுத்தும் முறை உருவானது. பிரிக்ஸ் 1624-இல் வெளியிட்ட பெரிய அட்டவணை பதினான்கு தசம இலக்கங்கள் வரை போகிறது. மடக்கை என்பது அடுக்குதான் என்பதை வரையறையாகவே வைத்துப் பாடத்தைத் தொடங்கியவர் ஆய்லர்; அவருடைய நூல் வந்த ஆண்டு 1748. மடிந்த தாளின் வலப்பக்கத்தில் ஒரு மாணவி ஒற்றை வரியில் செய்யும் சரிபார்ப்பு, மடக்கையைக் கண்டுபிடித்தவரின் கைக்கு எட்டாததாக இருந்தது.

பயிற்சித்தாள் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஓர் இடம் எண்களைத் தேர்ந்தெடுப்பது. முதல் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நினைத்து log₂ 2 + log₂ 2 என்று கொடுப்பார்கள். சரியான வழியில் போட்டால் 1 + 1 = 2. தவறான வழியில் உள்ளே இருப்பதைக் கூட்டினால் log₂ (2 + 2) = log₂ 4 = 2. இரண்டும் ஒன்றே! இரண்டையும் இரண்டையும் கூட்டினாலும் பெருக்கினாலும் நான்கு என்பதால் வந்த வினை இது.

அடுத்து, வகுத்தல் விதிக்கு log₂ 4 − log₂ 2 என்று கொடுத்தால்? சரியான விடை 2 − 1 = 1. கழித்துவிட்டவர் எழுதுவது log₂ (4 − 2) = log₂ 2 = 1. மறுபடியும் அதே விடை. மூன்றாவதாக, அடுக்கு விதிக்கு 2 log₂ 4 என்று கொடுத்தால் சரியான விடை 2 × 2 = 4. முன்னால் இருக்கும் 2-ஐ முழு மடக்கைக்கும் வர்க்கமாக நினைத்து (log₂ 4)² என்று போட்டவருக்கும் 2² = 4 வரும். மூன்று விதிகள், மூன்று தவறான புரிதல்கள், மூன்றிலும் முழு மதிப்பெண். பாடம் தெளிவாகிவிட்டது என்று ஆசிரியரும் நம்புவார், மாணவரும் நம்புவார்.

இங்கே அடுக்கு வடிவச் சரிபார்ப்பும் கைகொடுக்காது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அது விடையைத்தான் சோதிக்கிறது. வழி தவறாக இருந்தும் விடை சரியாக வந்துவிட்டால் அதற்கு எதுவும் உறுத்தாது. எனவே தாள் தயாரிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தவறான வழியில் போனால் வேறு விடைதான் வரும் என்பதை முன்கூட்டியே போட்டுப் பார்த்துக்கொள்வது. 2, 4 என்ற எண்களை முதல் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு 8, 16, 27, 81 என்று போனாலே இந்த மறைவிடங்களில் பெரும்பாலானவை போய்விடும்.

வகுத்தல் விதிக்கு நல்ல கணக்கு: log₃ 54 − log₃ 2. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே முழு எண் அல்ல. மூன்றை எந்த முழு எண் அடுக்குக்கு உயர்த்தினாலும் 54 வராது, 2-உம் வராது. விதியைப் பயன்படுத்தியே தீர வேண்டும். log₃ (54 ÷ 2) = log₃ 27 = 3. வலப்பக்கத்தில் இதை எப்படிச் சரிபார்ப்பது? 54-ஐ 3ˣ என்றும் 2-ஐ 3ʸ என்றும் வைத்துக்கொண்டால், கணக்கு கேட்பது x − y. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3ˣ ÷ 3ʸ = 54 ÷ 2 = 27 = 3³. ஆக x − y = 3. கழித்து log₃ 52 என்று எழுதியவர் 3³ = 27, 3⁴ = 81 என்று எழுதிப் பார்த்தால், 52 அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, தன் விடை மூன்றைத் தாண்டிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்வார்.

இதே கணக்கில் இன்னொரு சறுக்கலும் உண்டு. கழித்தல் என்றால் வகுத்தல் என்று மனப்பாடம் செய்தவர் சில நேரம் log₃ 54 ÷ log₃ 2 என்று மடக்கைகளையே வகுத்துவிடுகிறார். அது வேறு கேள்விக்கான விடை: 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 54 கிடைக்கும்? 2⁵ = 32, 2⁶ = 64 என்பதால் அது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும். வகுக்கப்படுவது log-க்கு உள்ளே இருக்கும் எண். வெளியே இருக்கும் அடுக்குகள் கழிக்கத்தான் படுகின்றன. அடுக்கு வடிவில் எழுதும்போது எண் தரையில் இருக்கும், அடுக்கு மேலே இருக்கும்; இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமே இல்லை.

அடுக்கு விதிக்கு 2 log₂ 8 போதும். சரியான விடை 2 × 3 = 6; அதாவது log₂ 8² = log₂ 64, 2⁶ = 64. வர்க்கமாக்கியவருக்கு 9 வரும்; 2⁹ = 512, அது 8-இன் வர்க்கம் அல்ல, கனம். இம்முறை பிழை மறைந்துகொள்ளவில்லை.

அடிமானமும் எண்ணும் ஒத்துப்போகாத கணக்குகளில்தான் வலப்பக்கத்தின் மதிப்பு கூடுகிறது. log₈ 32-ஐ எடுத்துக்கொள்வோம். எட்டை எத்தனை முறை பெருக்கினாலும் 32 வராது: 8, 64, 512 என்று தாண்டிப் போய்விடும். எனவே விடை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பின்னம் என்பது கணக்கைத் தொடங்கும் முன்பே தெரிகிறது. அடிமானத்தை மாற்றும் விதிப்படி log₂ 32 ÷ log₂ 8 = 5/3. இந்த இடத்தில் மேலே எதைப் போடுவது, கீழே எதைப் போடுவது என்று தடுமாறி 3/5 என்று எழுதுபவர்கள் நிறைய. 3/5 ஒன்றைவிடச் சிறியது. எட்டை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் எட்டைவிடச் சிறிய எண்தான் வரும், 32 வராது. 32-ஐ 8-ஆல் வகுத்து 4 என்று எழுதுபவரும் உண்டு. 8⁴ = 4096 என்ற வரி அவருக்குப் பதில் சொல்லிவிடும்.

சரியான விடையைச் சோதிக்க, 8^(5/3) என்பதை இரண்டு படியாக வாசிக்க வேண்டும். பின்னத்தின் கீழே இருக்கும் 3 கனமூலத்தைக் கேட்கிறது. எட்டின் கனமூலம் 2. மேலே இருக்கும் 5 அதை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது; 2⁵ = 32. கனமூலத்தை முதலில் எடுப்பது வசதி. முதலில் 8⁵ போட்டால் 32768 என்ற எண்ணுக்குக் கனமூலம் தேட வேண்டியிருக்கும்.

அடிமானம் மாறும் பெருக்கல்களும் இதே வகையில் அவிழும். log₂ 3 × log₃ 8 என்ற கணக்கைப் பார்த்ததும் கை 3-ஐயும் 8-ஐயும் பெருக்கத் துடிக்கும். அடுக்கு வடிவில் இது ஒரு தொடர் பயணம். இரண்டை log₂ 3 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 3 வருகிறது. அந்த மூன்றை log₃ 8 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 8 வருகிறது. அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும் என்பதால், இரண்டை அந்தப் பெருக்கற்பலனுக்கு உயர்த்தினால் 8 என்றாகிறது. எனவே பெருக்கற்பலன் 3. நடுவில் வந்த மூன்று, வழியில் இறங்கி ஏறிய ஊர் மாதிரி. பயணத்தின் நீளத்தில் அதன் பெயர் இல்லை.

முழு எண்களாக வராத இடத்தில் என்ன செய்வது? வேதியியல் வகுப்பில் pH கணக்கிடும்போது இந்தக் கேள்வி நேரடியாக வருகிறது. ஒரு கரைசலில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு லிட்டருக்கு 2 × 10⁻⁵ மோல். செறிவின் மடக்கையை, அடிமானம் பத்தில் எடுத்து, குறியை மாற்றினால் pH. log₁₀ 2 = 0.3010 என்று அட்டவணை சொல்கிறது. log₁₀ (2 × 10⁻⁵) = 0.3010 − 5 = −4.6990. குறியை மாற்றினால் pH 4.6990, சுருக்கமாக 4.7.

இங்கே பலரும் எழுதும் தவறான விடை 5.3010. ஐந்தையும் 0.3010-ஐயும் கூட்டிவிடுகிறார்கள், ஒன்று எதிர்க்குறி, மற்றொன்று நேர்க்குறி என்பது கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. அடுக்கு வடிவத்துக்குப் போனால் அதிகம் கணக்கிடக்கூடத் தேவையில்லை. 2 × 10⁻⁵ என்பது 10⁻⁵-ஐவிடப் பெரியது, 10⁻⁴-ஐவிடச் சிறியது. எனவே pH நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும், 5.3 ஆட்டத்திலேயே இல்லை. முழுமையாகச் சரிபார்க்க விரும்பினால், 10⁻⁴·⁶⁹⁹⁰ என்பதில் உள்ள அடுக்கை −5 + 0.3010 என்று பிரித்துக்கொள்ளலாம். 10⁻⁵ × 10⁰·³⁰¹⁰ = 10⁻⁵ × 2. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. செய்முறை வகுப்பில் லாக் டேபிளைப் புரட்டும் பிள்ளைகள் எதிர் எண்ணை இப்படி ‘முழு எண் தனி, தசமம் தனி’ என்று வைத்துக்கொள்வதன் காரணமும் இதுதான். அட்டவணையில் எதிர்த் தசமம் கிடையாது.

அந்த 0.3010-ஐயே ஒருவர் சந்தேகித்தால்? அதற்கும் அடுக்கு உண்டு. பத்தை 0.3010-க்கு உயர்த்தினால் ஏறத்தாழ 2 என்றால், இரு பக்கமும் பத்தாம் அடுக்குக்குப் போனால் 10³·⁰¹⁰ ஏறத்தாழ 2¹⁰ ஆக இருக்க வேண்டும். 2¹⁰ = 1024. ஆயிரத்தைவிடச் சற்றே பெரியது, 3.010-உம் மூன்றைவிடச் சற்றே பெரியது. கணிப்பான் இல்லாமல் இவ்வளவு தூரம் வர முடிவது அழகான விஷயம்.

இதுவரை பார்த்தவற்றில் வலப்பக்கம் நல்ல காவலாளி. ஆனால் அந்தக் காவலாளியை ஏமாற்றும் ஒரு வழக்கம் மாணவர்களிடம் சீக்கிரமே தொற்றிக்கொள்ளும். முதல் கணக்கில் log₂ 12 என்று எழுதியவர் வலப்பக்கம் வந்து, ‘விடையை y என்று வைத்தால் y = log₂ 12, எனவே 2ʸ = 12, சரி’ என்று எழுதி டிக் போடுகிறார். அவர் மாற்றியது தன் விடையைத்தான், கணக்கை அல்ல. log₂ 12 என்பதற்கு 2ʸ = 12 என்பது எப்போதுமே உண்மை; log₂ 700 என்று எழுதியிருந்தாலும் 2ʸ = 700 என்று எழுதி டிக் போட்டிருக்கலாம். சரிபார்ப்பு கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் வரியிலிருந்து தொடங்க வேண்டும்: அங்கே இருக்கும் ஒவ்வொரு மடக்கையும் தனித்தனியாக அடுக்கு வடிவத்துக்கு மாற வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பது சமன்பாடுகளுக்கு வரும்போதுதான் உறைக்கும். பயிற்சித்தாளின் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று கொள்வோம்:

log₂ x + log₂ (x − 2) = 3

பெருக்கல் விதிப்படி log₂ [x(x − 2)] = 3. அடுக்கு வடிவில் x(x − 2) = 2³ = 8. விரித்தால் x² − 2x − 8 = 0; காரணிப்படுத்தினால் (x − 4)(x + 2) = 0. x = 4 அல்லது x = −2.

இப்போது சரிபார்க்கலாம். x = 4 என்றால் 4 × 2 = 8 = 2³, சரி. x = −2 என்றால் x − 2 = −4; (−2) × (−4) = 8 = 2³. இதுவும் சரி! அடுக்கு வடிவத்துக்கு மாற்றித்தான் பார்த்தோம், இரண்டு விடைகளும் தேறிவிட்டன. ஆனால் −2 இந்தக் கணக்கின் தீர்வே அல்ல.

கணக்கின் முதல் வரிக்குப் போனால் காரணம் தெரியும். அங்கே log₂ x தனியாக நிற்கிறது. x = −2 என்றால் அது log₂ (−2); இரண்டை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் −2 கிடைக்கும்? நேர் எண்ணான இரண்டை எந்த மெய்யெண் அடுக்குக்கு உயர்த்தினாலும் நேர் எண்தான் வரும். 2⁻¹ = 1/2, 2⁻¹⁰ = 1/1024; சிறுத்துக்கொண்டே போகும், ஆனால் பூச்சியத்தைத் தொடாது, தாண்டவும் செய்யாது. எனவே அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. log₂ (−4)-க்கும் அப்படியே. விடையில்லாத இரண்டு கேள்விகள் பெருக்கல் விதிக்குள் ஒன்றாக நுழைந்தபோது, இரண்டு எதிர்க்குறிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு 8 என்ற நல்ல எண்ணாக வெளியே வந்துவிட்டன. விதியைப் பயன்படுத்திய பிறகு வந்த வரியில் சோதித்தவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

x = 4 மட்டும் முதல் வரியில் நிற்கிறது: 2² = 4, 2¹ = 2, 2 + 1 = 3.

தேர்வில் இந்தக் கணக்குக்கு −2-ஐயும் சேர்த்து எழுதினால் மதிப்பெண் குறையும். அதைவிட, மாணவர் மனத்தில் ‘ஏதோ காரணத்துக்காக எதிர் விடையைத் தள்ளிவிட வேண்டும்’ என்று ஒரு பழக்கம் படிந்துவிடுவது பெரிய தீங்கு. எதிர் விடை என்பதற்காக −2 தள்ளப்படவில்லை. முதல் வரியில் அதற்கு அடுக்கு கிடைக்காததால் தள்ளப்பட்டது. இந்த வேறுபாட்டைப் பிடிக்காதவர் அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்வார்.

log₃ (x²) = 4

அடுக்கு விதியைப் படித்த உற்சாகத்தில் பெரும்பாலானோர் 2-ஐ முன்னால் கொண்டுவந்து 2 log₃ x = 4 என்று எழுதுகிறார்கள். log₃ x = 2, எனவே x = 3² = 9. வலப்பக்கத்தில் சோதித்தால் 9² = 81 = 3⁴. மிகச் சரி. முதல் வரியில்தான் சோதித்திருக்கிறார், குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் ஒரு விடை காணாமல் போயிருக்கிறது. சரிபார்ப்பு கையில் இருக்கும் விடையைத்தான் நிறுத்துப் பார்க்கும். கைக்கு வராத விடையைத் தேடிக் கொண்டுவந்து தராது. மடக்கைக் கணக்குகளில் இந்த முறைக்கு இருக்கும் உண்மையான எல்லை இதுதான், அதை மாணவரிடம் மறைக்கக் கூடாது.

போனது எந்த வரியில்? 2-ஐ முன்னால் கொண்டுவந்த வரியில். log₃ (x²) என்று இருக்கும்போது x எதிர் எண்ணாக இருக்கலாம், வர்க்கம் நேராகிவிடும். 2 log₃ x என்று மாற்றிய அந்த நொடியிலேயே x நேர் எண்ணாக மட்டும்தான் இருக்க முடியும் என்ற புது நிபந்தனை ஓசைப்படாமல் சேர்ந்துவிட்டது. அடுக்கு விதியைப் பாடப்புத்தகம் சொல்லும்போது M > 0 என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும். வேகமாகப் படிக்கும் கண் தாண்டிப்போகும் அந்தச் சின்னக் குறிப்புதான் இங்கே விடையைத் தின்றது. முந்தைய கணக்கில் விதி ஒரு போலி விடையைச் சேர்த்தது; இந்தக் கணக்கில் அதே போன்ற கவனக்குறைவு ஒரு நல்ல விடையை அழித்தது.

இந்த வகைக் கணக்கில் அடுக்கு வடிவத்தைக் கடைசிச் சோதனைக்கு ஒதுக்கிவைக்காமல் முதல் அடியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. log₃ (x²) = 4 என்றால் x² = 3⁴ = 81. இங்கே எந்த மடக்கை விதியும் தேவைப்படவில்லை. x = 9, x = −9 என்று இரண்டும் கிடைக்கின்றன. விதியைப் பயன்படுத்தியே தீருவேன் என்பவர் 2 log₃ |x| = 4 என்று எழுத வேண்டும்; x-க்கு இருபுறமும் போடும் அந்த இரண்டு கோடுகள் எதிர் எண்ணையும் உள்ளே வைத்திருக்கும்.

மடித்த தாளின் வலப்பக்கத்தில் கடைசியாக எழுத வேண்டியது இரண்டு வரி: 9² = 81 = 3⁴. (−9)² = 81 = 3⁴. முந்தைய கணக்கில் −2-ஐத் தள்ளிய அதே மாணவி, இங்கே −9-ஐ வைத்துக்கொள்கிறாள். இரண்டுக்கும் அவள் கேட்டது ஒரே கேள்வி: அச்சடித்த வரியில் இந்த எண்ணைப் போட்டால், log-க்குள் இருப்பதற்கு ஓர் அடுக்கு கிடைக்கிறதா?